ஒரே கேள்விக்கு மூன்று பதில்

2006-இல் வந்த 'ஸ்நேக்ஸ் ஆன் எ பிளேன்' படத்தில் சாமுவேல் ஜாக்சன் ஆத்திரத்தில் பச்சையாகத் திட்டும் காட்சி பிரபலம். தொலைக்காட்சிக்கு அந்த வசை ஆகாது என்பதால், பாம்புகள் குரங்கோடு சண்டை போடுபவை என்றும், விமானம் திங்கள் முதல் வெள்ளி வரை பறப்பது என்றும் மாற்றிக் குரல் கொடுத்தார்கள். வாய் ஒன்று சொல்ல, காதில் வேறொன்று விழுந்தது. ஆத்திரம் போய், காட்சி கேலிப்பொருளானது.

இந்தச் சிக்கலை எழுத்து மேசையிலேயே தீர்ப்பதுதான் மாற்று வசனம் எழுதும் வழக்கம். ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களில் இதற்கு 'ஆல்ட்' என்று பெயர்.

ஒரு கல்யாண வீட்டுக் காட்சியை வைத்துப் பார்க்கலாம். "மாப்பிள்ளை எங்கப்பா?" என்று பெண்ணின் அப்பா கேட்கிறார். நண்பனின் பாதுகாப்பான பதில்: "கோயிலுக்குப் போயிருக்கான் சார், வந்துடுவான்." துணிச்சலான பதில்: "பார்ல மூணாவது ரவுண்டு ஓடுது சார், வந்துடுவான்." சுருக்கம்: "வந்துடுவான் சார்."

மூன்றிலும் 'வந்துடுவான்' இருப்பது தற்செயல் அல்ல. அப்பா அடுத்துக் கேட்கப்போவது "எப்போ வருவார்?" என்பதுதான். எந்தப் பதிலுக்குப் பின்னும் அந்தக் கேள்வி பொருந்த வேண்டும். அவர் "எந்தக் கோயில்?" என்று கேட்பதாக எழுதிவிட்டால் மற்ற இரண்டு பதில்களும் வீண். பின்னால் வரும் காட்சிகளிலும் யாரும் கோயிலையோ பாரையோ குறிப்பிடக்கூடாது.

எழுத்தில் சரியாக இருந்தும் படப்பிடிப்பில் கோட்டை விடுவது அப்பாவின் முகத்தில்தான். பார் என்றதும் அவர் முகம் மாறும். கோயில் என்றால் மாறாது. நண்பனை மட்டும் மூன்று விதமாக எடுத்துவிட்டு அப்பாவை ஒரே விதமாக எடுத்தால், எடிட்டர் கையில் உண்மையில் இருப்பது ஒரே காட்சி. அதனால் எதிராளியின் முகபாவத்தையும் ஒவ்வொரு பதிலுக்கும் தனியாக எடுக்க வேண்டும். அல்லது இரண்டு கேமராக்களில் இருவரையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். முதலில் பாதுகாப்பானதை முடித்துக்கொள்வது நல்லது. துணிச்சலான வசனத்தில் செட்டே சிரித்துவிட்டால், திரும்பவும் நிதானத்துக்கு வர நேரமாகும்.

சுருக்கமான வடிவத்தைப் பலர் எழுதுவதே இல்லை. படம் நீளம் என்று தெரியும்போது முதலில் தேடப்படுவது அதுதான். நடிகர் அதை ஒரே மூச்சில் சொல்லியிருந்தால், நீண்ட வசனத்தை நடுவில் வெட்டிய தழும்பு தெரியாது.

இப்படிக் குவியும் காட்சிகள் எவ்வளவு இருக்கும்? 2004-இல் ஆடம் மெக்கே இயக்கிய 'ஆங்கர்மேன்' படத்தில் மிஞ்சியவற்றையும் கைவிட்ட கிளைக்கதையையும் கொண்டு இன்னொரு முழுநீளப் படமே வீடியோவில் வெளியானது. இரண்டாம் பாகம் 2014-இல் 763 புதிய நகைச்சுவைகள் கொண்ட பதிப்பு என்ற விளம்பரத்தோடு மறுபடி திரைக்கு வந்தது.

நம் ஊரிலும் இதற்குத் தேவை உண்டு. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் காட்ட முடியாது. வெட்டி, ஒலியை அடைத்து, மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். ஒலி அடைத்த இடத்தில் உதடு மட்டும் அசைகிறது. அந்த வரிக்குப் பாதுகாப்பான ஒரு டேக் இருந்திருந்தால் அதை அங்கே வைத்திருக்கலாம். எல்லா வரிக்கும் மாற்று எழுதத் தேவையில்லை. தணிக்கையில் சிக்கக்கூடியது, சிரிப்பு வருமா என்று சந்தேகமானது, கதையை விளக்குவதற்காக நீண்டுபோனது, இவற்றுக்கு எழுதினால் போதும்.