மூன்று சோதனைகளுள் எது?

மாத்தளை மாவட்டத்து வில்கமுவ, காரணம் இன்னும் முற்றாகத் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் பகுதிகளுள் ஒன்றாகும். சிறுநீரகப் பரிசோதனைகளில், சிறுநீரின் ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் உளதென அளப்பதுண்டு. இவ்வளவு பலரிடம் சிறிதாகவும் ஒரு சிலரிடம் நூற்றுக்கணக்காகவும் அமையும். சோதனையைத் தெரிபவர் முதலில் நோக்கவேண்டியது இவ்வியல்பையே.

விளக்கத்தின் பொருட்டு எண்கள் சிலவற்றைக் கற்பித்துக்கொள்வோம். நகரத்தார் ஐவர்க்கு 4, 6, 7, 9, 12. வில்கமுவ உழவர் ஐவர்க்கு 8, 15, 22, 40, 310. சராசரிகள் முறையே 7.6, 79. வேறுபாடு பெரிதெனினும் 'ரீ' சோதனை தரும் பெறுமானம் ஏறத்தாழ 1.2 மட்டுமே, வேண்டப்படுவதோ 2.3. 310 என்னும் ஓரெண் சராசரியை உயர்த்தியதோடு சிதறலையும் பெருக்கிவிட்டது. குருதியின் ஈமோகுளோபின்போலச் சராசரியின் இருபுறமும் ஒத்துப் பரவும் அளவுகளுக்கே அச்சோதனை நன்கு பொருந்தும்.

1947இல் வெளியான மான்–விற்னி முறையோ எண்களின் வரிசையை மட்டும் நோக்குவது. நகரத்தாரையும் உழவரையும் இணைக்கும் 25 சோடிகளுள் நகரத்தார் அளவு மிகுவது இரண்டில் மட்டுமே: 9உம் 12உம் 8ஐ விஞ்சுகின்றன. ஐவர்க்கு ஐவர் என்னும் நிலையில், இரண்டோ அதனிற் குறைவோ வரின் ஐந்து வீத மட்டத்தில் வேறுபாடு உண்டென அட்டவணை கூறும். 310 என்பது 3100 ஆயினும் முடிவு மாறாது. ஆனால் வேறுபாடு எவ்வளவு என்பதை இம்முறை தனித்துச் சொல்லாது. இடையங்கள் 7, 22 என உடன் குறித்தல் வேண்டும்.

30க்கு மேற்பட்டோரை நோய்க்குறி உடையோரெனப் பிரித்து எண்ணினால், அளவு எண்ணிக்கையாகிவிடும். அதற்குரியது கை-வர்க்கச் சோதனை. ஈண்டு அதுவும் பொருந்தாது. உழவருள் இருவர், நகரத்தாருள் எவருமிலர். எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஒவ்வொரு குழுவிலும் ஒன்றே. ஐந்திற் குறையின் பிசரின் செப்பச் சோதனையை நாடுவர். அன்றியும், 40ஐயும் 310ஐயும் ஒன்றாக்கும் இப்பிரிப்பு, அரிதின் அளந்த செய்தியின் பெரும்பகுதியை வீணாக்குவதாகும்.