மின்னஞ்சலின் அடியில் விசிட்டிங் கார்டு வேண்டாம்

சிவகாசியில் காலண்டரும் டைரியும் அச்சிடும் நடுத்தர அச்சகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆடிப்பெருக்கன்று புது வருடத்துக்கான மாதிரி ஆல்பம் வெளிவந்துவிடும். அதன் பிறகு விலை கேட்டு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். பதில் போடுகிறவர் விற்பனைப் பிரிவுக்காரர். அச்சகத்தில் டிசைனருக்குப் பஞ்சமில்லை என்பதால், அவருடைய விசிட்டிங் கார்டையே படமாக்கி, ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் கையொப்பமாக ஒட்டிவிடுகிறார்கள். அவருடைய கணினித் திரையில் அது பிரமாதமாகத்தான் இருக்கும். வாங்குபவரின் போனில் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

மூன்றரைக்கு இரண்டு அங்குலக் கார்டை அச்சுத் தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று சேமித்தால், படத்தின் அகலம் 1050 புள்ளிகள். கணினியில் அது கடிதத்தைவிடப் பெரிதாக விரிந்து நிற்கும். போன் திரையின் அகலமோ, மின்னஞ்சல் செயலிகளின் கணக்கில், சுமார் 360 புள்ளிகள்தான். படம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். கார்டில் 6 பாயிண்டில் இருந்த முகவரி, 8 புள்ளி உயரத்துக்கு வந்துவிடும். சாதாரணமாகப் படிக்கத் தோதான எழுத்தின் அளவு 16 புள்ளி என்பதை நினைத்துக்கொண்டால், வாங்குபவர் ஏன் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்குகிறார் என்று புரியும்.

சிரமப்பட்டுப் படித்தாலும் பயனில்லை. படத்தில் இருக்கும் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. மூன்று மாதம் கழித்து அந்த எண்ணை அஞ்சல் பெட்டியில் தேடினால் சிக்காது. பல அலுவலகங்களில் அவுட்லுக், வெளியிலிருந்து வரும் படங்களை அனுமதி கேட்காமல் காட்டாது. அங்கே கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். ஆகவே முதல் விதி: பெயர், எண், முகவரி எல்லாம் எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்க வேண்டும். படம் என்று ஒன்று இருந்தால் அது லோகோ மட்டும்; அது தெரியாமல் போனாலும் எந்தத் தகவலும் குறையக் கூடாது.

அந்த அச்சகத்துக்கு நான் சொல்வது இவ்வளவுதான்:

```
பெயர்
விற்பனைப் பிரிவு
அச்சகத்தின் பெயர், சிவகாசி
+91 00000 00000
www.example.com
```

ஐந்து வரி, ஒன்றின் கீழ் ஒன்று. இணையத்தின் தொடக்க காலத்திலேயே கையொப்பம் நான்கு வரிக்குள் இருக்க வேண்டும் என்ற மரியாதை இருந்தது. 1995-இல் வந்த இணைய நடத்தை விதிகளிலும் அதைக் காணலாம். ஒரு வரி கூடினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டு நடுவே நிலைக்கோடுகளால் பிரிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; போனில் அந்த வரி கண்ட இடத்தில் உடைந்து, கோடு மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியாக நிற்கும். எண்ணுக்கு முன்னால் +91 கட்டாயம். மலேசியாவிலிருந்து காலண்டர் கேட்பவர் தொட்டாலும் அழைப்பு சரியாகப் போகும். மின்னஞ்சல் முகவரியை மறுபடி எழுதத் தேவையில்லை. அது மேலேயே இருக்கிறது.

அச்சகங்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். டிசைனர் ஆசைப்படும் அலங்கார எழுத்துருவும் வேண்டாம். பெறுபவரின் கருவி தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவையே போட்டுக் காட்டும். விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ. வளைந்த மூலைகள், பின்னணிப் படம் போன்ற வேலைப்பாடுகளும் நம்பத்தக்கவை அல்ல. 2007 முதல் விண்டோஸ் அவுட்லுக் கடிதங்களை வேர்டு மென்பொருளின் வழியாகத்தான் காட்டி வந்தது. அந்தப் பதிப்பு இன்னும் பல அலுவலகங்களில் ஓடுகிறது, அதில் இவையெல்லாம் காணாமல் போகும்.

லோகோவில் கவனிக்க வேண்டியது இருண்ட திரை. பின்னணி இல்லாத பிஎன்ஜி படத்தில் கறுப்பு லோகோ இருந்தால், இரவு நேரத்துக்குத் திரையைக் கறுப்பாக மாற்றி வைத்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. வெள்ளைப் பின்னணியோடு கூடிய ஜேபெக் படமோ ஒட்டுப்போட்ட மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். லோகோவைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரம் கொடுத்தால் இரண்டிலும் தப்பிக்கலாம். திரையில் 100 புள்ளி அகலத்தில் தெரிய வேண்டுமென்றால் 200 புள்ளியில் படத்தைத் தயாரியுங்கள். நல்ல போன்களில் மங்காது.

இனி முடிப்பு வாசகம். பலரும் ‘நன்றியுடன்’ என்பதைக் கையொப்பத்துக்குள்ளேயே நிரந்தரமாகப் போட்டுவிடுகிறார்கள். ஆர்டரை மறுக்கும் கடிதத்திலும், இறப்புக்கு வருத்தம் சொல்லும் கடிதத்திலும் அதே நன்றி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. முடிப்புச் சொல்லைக் கையால் எழுதுங்கள். அதற்கு மேலுள்ள கடைசி வாக்கியம்தான் வேலை செய்யும் வாக்கியம். ‘விரைவில் பதிலை எதிர்நோக்குகிறோம்’ என்றால் யாரும் விரைய மாட்டார்கள். புரூஃப் அனுப்பும்போது, ‘வெள்ளி மாலை 5 மணிக்குள் உங்கள் ஒப்புதல் வந்தால் திங்களன்று அச்சேற்றிவிடுவோம்’ என்று எழுதலாம். விலை அனுப்பும்போது, ‘இந்த விலை 15 நாள் வரை மாறாது’. பாக்கி கேட்கும்போது, ‘பணம் அனுப்பியிருந்தால் தேதியை மட்டும் தெரிவியுங்கள், கணக்கில் சரிபார்த்துக்கொள்கிறோம்’. கடைசி வாக்கியத்தில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை. பணம் அனுப்பாதவருக்குத்தான் சங்கடம்.

இந்த மூன்று வாசகங்களையும் ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டியதில்லை. கணினியில் ஜிமெயிலின் `Settings` பகுதியில் `Advanced` என்பதற்குள் `Templates` வசதியை இயக்கி அங்கே சேமிக்கலாம். போனில் கீபோர்டின் `Personal dictionary` பகுதியில் ஒரு சுருக்கெழுத்தைக் கொடுத்து வைத்தால், அதை அடித்ததும் முழு வாக்கியமும் பரிந்துரையாக வரும்.

கையொப்பத்தைச் சேர்க்க, கணினியில் `See all settings`, `General`, `Signature` என்று போக வேண்டும். இரண்டு கையொப்பம் உருவாக்குங்கள். ஐந்து வரிக் கையொப்பத்தைப் புதுக் கடிதங்களுக்கும், பெயரும் எண்ணும் மட்டும் உள்ளதைப் பதில்களுக்கும் கீழேயே ஒதுக்கலாம். இல்லையென்றால் பத்துத் தடவை போய் வந்த கடிதத்தில் உங்கள் முகவரி பத்துத் தடவை இருக்கும். போனில் வேலை தனி. ஜிமெயில் செயலியில் `Mobile signature` என்று வேறொரு இடம் உண்டு; அதில் படமோ வண்ணமோ ஏறாது, எழுத்து மட்டும்தான். ஐபோனின் மெயில் செயலியில், நீங்கள் மாற்றும் வரை `Sent from my iPhone` என்பதே உங்கள் கையொப்பம். லட்ச ரூபாய் விலைப்பட்டியலுக்கு அடியில் அது எதற்கு?

எல்லாம் முடிந்ததும் நண்பர் இருவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒருவர் அலுவலக அவுட்லுக்கில் படிப்பவர், இன்னொருவர் போனில் இருண்ட திரையில் படிப்பவர். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். முதலாமவரிடம் படங்கள் வராத நிலையில் என்ன தெரிகிறது என்று திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாமவரிடம், கையொப்பத்தில் உள்ள எண்ணைத் தொட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். மணி அடிக்காவிட்டால் கையொப்பத்தைத் திருத்துங்கள்.