நார்த்பவுண்ட் எந்தப் பக்கம்? லண்டன் சுரங்க ரயிலின் பலகைகளைப் படிக்கும் முறை

லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் நடைமேடைக்கு இறங்கும் வழி ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் 'நார்த்பவுண்ட்' என்றும் மறுபக்கம் 'சவுத்பவுண்ட்' என்றும் பலகை இருக்கும். சில தடங்களில் இவற்றுக்குப் பதிலாக 'ஈஸ்ட்பவுண்ட்', 'வெஸ்ட்பவுண்ட்' என்று இருக்கும். வடக்கே போகிறது, கிழக்கே போகிறது என்ற பொருள் பலருக்கும் தெரியும். அந்த வடக்கு எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாது. தரைக்கு அடியில் வெயிலும் நிழலும் இல்லை. நகரும் படிகளில் இறங்கி இரண்டு வளைவு திரும்பியதும், வந்த திசைகூடக் குழம்பிவிடும்.

ஆனால் இந்தப் பலகைகளைப் பின்பற்றத் திசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சொற்கள் பயணி நிற்கும் இடத்திலுள்ள தண்டவாளத்தின் திசையைச் சொல்லவில்லை. தடத்தின் இரண்டு முனைகளில் எந்த முனைக்கு ரயில் போகிறது என்பதையே சொல்கின்றன. விக்டோரியா தடத்தின் தெற்கு முனை பிரிக்ஸ்டன், வடக்கு முனை வால்தம்ஸ்டோ சென்ட்ரல். வால்தம்ஸ்டோ பக்கம் போகும் ரயிலுக்கு வழியிலுள்ள எல்லா நிலையங்களிலும் நார்த்பவுண்ட் என்றே பெயர். நடுவில் தண்டவாளம் எப்படி வளைந்தாலும் அந்தப் பெயர் மாறாது.

பயணிக்கு உண்மையில் கைகொடுப்பவை வேறு இரண்டு. முதலாவது, நடைமேடை வாசலில் உள்ள நிலையப் பட்டியல். அந்த நடைமேடையிலிருந்து கிளம்பும் ரயில்கள் இனிமேல் தொடவிருக்கும் நிலையங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கடந்து வந்தவை இருக்காது. போக வேண்டிய நிலையத்தின் பெயர் அதில் இருந்தால் அதுதான் சரியான நடைமேடை. இல்லையென்றால் எதிர்ப் பக்கம் போக வேண்டும். இரண்டாவது, நடைமேடையின் மேலே தொங்கும் மின்பலகை. அடுத்து வரும் ரயில் எந்த நிலையத்தில் பயணத்தை முடிக்கிறது என்பதை அது காட்டும். பெரும்பாலானோர் போகும் இடம் அந்தக் கடைசி நிலையமாக இருக்காது. எனவே கிளம்பும் முன் வரைபடத்தில் ஏறும் நிலையத்தில் விரலை வைத்து, இறங்கும் நிலையம் வழியாக முனை வரை நகர்த்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்பலகையில் தேட வேண்டியது அங்கே இருக்கும் பெயரைத்தான்.

ஈழத்தமிழர் கணிசமாக வாழும் டூட்டிங்கிலிருந்து, வடக்கு லண்டனில் ஹைகேட் பக்கம் இருக்கும் முருகன் கோயிலுக்கு ஒருவர் போவதாக வைத்துக்கொள்ளலாம். டூட்டிங் பிராட்வே, ஹைகேட் இரண்டும் நார்தர்ன் தடத்தில் உள்ளவை. ஒரே தடம் என்றாலும் அது லண்டனின் சிக்கலான தடங்களில் ஒன்று. டூட்டிங் பக்கம் அதன் முனை மோர்டன். வடக்கே எட்ஜ்வேர், ஹை பார்னெட், மில் ஹில் ஈஸ்ட் என்று மூன்று முனைகள். நடுவிலும் அது கென்னிங்டனில் இரண்டாகப் பிரிந்து, ஒரு வழி பேங்க் நிலையத்தையும் மற்றது சேரிங் கிராஸையும் தொட்டுக்கொண்டு கேம்டன் டவுனில் சேர்கிறது.

டூட்டிங் பிராட்வேயில் ஹைகேட் என்ற பெயர் நார்த்பவுண்ட் பட்டியலில்தான் இருக்கும். வரைபடத்தில் விரலை ஹைகேட்டுக்கு அப்பால் நகர்த்தினால் ஹை பார்னெட்டும் மில் ஹில் ஈஸ்ட்டும் வருகின்றன. எட்ஜ்வேர் வேறு கிளையில் இருக்கிறது. ஆகவே மின்பலகையில் முதல் இரண்டு பெயர்களில் எது வந்தாலும் ஏறலாம். பெயருக்குப் பக்கத்தில் 'வயா பேங்க்' என்றோ 'வயா சேரிங் கிராஸ்' என்றோ இருப்பது இந்தப் பயணத்துக்கு முக்கியமில்லை, இரண்டு வழியும் கேம்டன் டவுனுக்கே வருகின்றன. பேங்க்கிலோ சேரிங் கிராஸிலோ இறங்க வேண்டியவருக்குத்தான் அது முக்கியம்.

எட்ஜ்வேர் ரயில் முதலில் வந்தால் அதிலும் ஏறலாம், கேம்டன் டவுனில் இறங்கி மாற வேண்டும், அவ்வளவுதான். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேம்டன் டவுனில் எட்ஜ்வேர் கிளைக்கு ஒரு நடைமேடை, ஹை பார்னெட் கிளைக்கு வேறொரு நடைமேடை. இரண்டுமே நார்த்பவுண்ட். திசைச் சொல்லை மட்டும் நம்பி நடப்பவர் இங்கே தவறான ரயிலில் ஏறிவிடுவார். கடைசி நிலையத்தின் பெயரைப் பார்ப்பவர் ஏறமாட்டார்.

ஏறிய பிறகும் சரிபார்க்க வழி உண்டு. டூட்டிங் பிராட்வேக்கு அடுத்து டூட்டிங் பெக் வந்தால் போகும் பக்கம் சரி. காலியர்ஸ் வுட் வந்தால் ரயில் மோர்டனுக்குப் போகிறது. உடனே இறங்கி எதிர்ப் பக்கம் மாற வேண்டும். கேம்டன் டவுனைத் தாண்டியதும் கென்டிஷ் டவுன் வந்தால் கிளை சரி, சாக் ஃபார்ம் வந்தால் அது எட்ஜ்வேர் கிளை. அடுத்த நிலையம் எது என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் தவறு ஒரு நிலையத்துக்குள் தெரிந்துவிடும்.

மின்பலகையில் வரும் பெயர் எப்போதும் தடத்தின் முனையாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. விக்டோரியா தடத்தில் சில ரயில்கள் வால்தம்ஸ்டோ வரை போகாமல் செவன் சிஸ்டர்ஸிலேயே நின்றுவிடும். அதற்கு முன்னால் இறங்குபவர் அதில் தாராளமாக ஏறலாம். அதற்கு அப்பால் போகிறவர் அங்கே இறங்கி அதே திசையில் வரும் அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டும். இறங்கும் நிலையம் கடைசி நிலையத்துக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

திசை நன்றாகத் தெரிந்தவர்களையே குழப்பும் இடங்களும் உண்டு. யூஸ்டன் நிலையத்தில் விக்டோரியா தடத்தின் நார்த்பவுண்ட் ரயிலும், பேங்க் வழியாகப் போகும் நார்தர்ன் தடத்தின் சவுத்பவுண்ட் ரயிலும் கிளம்புகின்றன. இரண்டுக்கும் அடுத்த நிலையம் ஒன்றேதான்: கிங்ஸ் கிராஸ். அந்தச் சிறு தூரத்தில் இரண்டு தடங்களும் ஒரே பக்கம்தான் ஓடுகின்றன. ஒன்றின் முனை வடக்கிலும் மற்றதன் முனை தெற்கிலும் இருப்பதால் பெயர்கள் எதிரெதிராக அமைந்துவிட்டன. கையில் திசைகாட்டி இருந்தாலும் அங்கே பயன்படாது.

சர்க்கிள் தடம் நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடுவது. கிங்ஸ் கிராஸில் ஈஸ்ட்பவுண்டாகக் கிளம்பும் ரயில் கிழக்கே போய்த் திரும்பி, தேம்ஸ் நதியோரமாக வெஸ்ட்மின்ஸ்டருக்கு வரும்போது அதே ரயில் வெஸ்ட்பவுண்ட் ஆகிவிடுகிறது. 2009 வரை முழு வட்டமாக ஓடிய இந்தத் தடத்துக்கு இப்போது ஹேமர்ஸ்மித், எட்ஜ்வேர் ரோடு என்று இரண்டு முனைகள் உண்டு. ஆனால் எட்ஜ்வேர் ரோடு நிலையத்தை ரயில் வழியிலும் ஒருமுறை தொடுவதால், இங்கே கடைசி நிலையத்தின் பெயர் போதாது, எந்த நிலையங்கள் வழியாகப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தத் தடத்தில் வாசலில் உள்ள நிலையப் பட்டியல்தான் தெளிவான வழிகாட்டி.

பாரிஸ் மெட்ரோ திசைச் சொற்களையே வைத்துக்கொள்ளவில்லை. தடத்தின் எண்ணும் கடைசி நிலையத்தின் பெயரும்தான் அங்கே பலகையில் இருக்கும். திசை தெரியாதவருக்கு இது எளிது. ஆனால் தடம் நீளும்போது பலகையில் உள்ள பெயரும் மாறிவிடுகிறது. 14-ஆம் எண் தடத்தின் தெற்கு முனை 2024 வரை ஒலிம்பியாட். அந்த ஆண்டு தடம் ஓர்லி விமான நிலையம் வரை நீட்டப்பட்டதும் ஒலிம்பியாட் வழியிலுள்ள ஒரு நிலையமாகிவிட்டது. பழைய வரைபடத்தோடு வருபவர் ஒலிம்பியாட் பக்கம் என்ற பலகையைத் தேடினால் அது கிடைக்காது. தடத்தின் எண்ணைக் கொண்டு நடைமேடை வரை போய், அங்குள்ள நிலையப் பட்டியலில் தன் நிலையத்தின் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து அவர் ஏற வேண்டும்.