பிப்புக்கு இரண்டு முடிவுகள்

சார்லஸ் டிக்கன்ஸ் 1861-ல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலுக்கு முதலில் மூடிய முடிவைத்தான் எழுதினார். லண்டன் தெருவில் பிப்பும் எஸ்டெல்லாவும் சந்திக்கிறார்கள். அவள் வேறொருவருக்கு மனைவி. பிப்புடன் இருக்கும் ஜோவின் மகனை அவன் பிள்ளை என்றே நினைக்கிறாள், அவன் திருத்தவில்லை. பிரிகிறார்கள். வீண் எதிர்பார்ப்புகளைப் பற்றிய கதைக்கு இது கறாரான தீர்ப்பு.

நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதால் டிக்கன்ஸ் அதை மாற்றினார். அச்சில் வந்த முடிவில், பாழடைந்த தோட்டத்தில் பிப் அவள் கையைப் பிடித்து நடக்கிறான். பிரிந்தே நண்பர்களாக இருப்போம் என்கிறாள் எஸ்டெல்லா. இனிப் பிரிவின் நிழலே தெரியவில்லை என்கிறான் பிப். திருமணமா? நாவல் சொல்வதில்லை. சலுகை போலத் தோன்றினாலும் எனக்கு இதுவே பிடிக்கும்: கதை சொல்லும் பிப் இன்னும் எதிர்பார்க்கிறானோ என்ற சந்தேகம் இதில்தான் எழுகிறது.