எந்த லீவர் விழுந்தது?

"அண்ணா, வீட்டில் ஷார்ட் ஆயிடுச்சு, உடனே வாங்க." எலக்ட்ரீஷியன்களுக்கு இப்படித்தான் வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது. ஃபேன் நின்றாலும் ஷார்ட், ஃப்யூஸ் போனாலும் ஷார்ட், குழாயைத் தொட்டால் சுர்ரென்றாலும் ஷார்ட். அவர் எந்தச் சாமானை எடுத்து வருவார்? முதல் நாள் வந்து பார்த்துவிட்டுப் போவார், மறுநாள் பொருளோடு வருவார். ஷார்ட் என்பது காரணம். அதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. நாம் எழுத வேண்டியது கண்ணில் பட்டதை மட்டும்.

பார்க்க வேண்டிய இடம் டி.பி. பாக்ஸ். அதில் வரிசையாக இருக்கும் ஒல்லியான லீவர்கள் எம்.சி.பி. சற்று அகலமாக, டெஸ்ட் பட்டனோடு இருப்பது ஆர்.சி.சி.பி. பல எலக்ட்ரீஷியன்கள் இன்னும் பழைய பழக்கத்தில் அதை இ.எல்.சி.பி. என்றுதான் சொல்வார்கள். வீட்டில் நாம் "விழுந்துடுச்சு" என்கிறோம், அவர் "ட்ரிப் ஆயிடுச்சு" என்கிறார். எது விழுந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒல்லியானது விழுந்தால் அந்த லைனில் அளவுக்கு மீறிய கரண்ட் போயிருக்கிறது. அகலமானது மட்டும் விழுந்தால், ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பவில்லை, எங்கோ பூமிக்குக் கசிகிறது. வீடுகளில் வழக்கமாக மாட்டுவது, கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிடும் வகை.

காலையில் கீசர் போட்டதும் வீடே இருண்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

"அண்ணா, டெஸ்ட் பட்டன் இருக்கிற பெரிய லீவர்தான் விழுது. சின்னது எதுவும் விழலை. கீசர் போட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் விழுது. கீசர் பிளக்கைப் பிடுங்கிட்டா எல்லாம் சரியா ஓடுது. கீசர் 15 லிட்டர், 2 கிலோவாட்."

இதை அவர் தன் தொழில் மொழியில் "கீசர்ல எர்த் லீக்கேஜ், எலிமென்ட் போயிருக்கும்" என்று படித்துக்கொள்வார். 2 கிலோவாட் கீசர் எடுப்பது ஏறக்குறைய 9 ஆம்பியர். அது அளவு மீறி இழுத்திருந்தால் ஒல்லி லீவர் விழுந்திருக்கும். ஐந்து நிமிடம் என்ற தகவலும் முக்கியம். எலிமென்ட்டின் உறையில் விரிசல் இருந்தால், சூடேறிய பிறகு கசிவு கூடுவது உண்டு. புது எலிமென்ட்டைக் கையோடு வாங்கி வர இந்த ஐந்து வரி போதும். பிளக்கைப் பிடுங்கியும் விழுந்தால் அதையும் எழுதுங்கள். அப்போது அவர் கீசரை விட்டுவிட்டு வயரிங்கில் தேடுவார். ஒல்லி லீவர்களை எல்லாம் இறக்கிய பிறகும் பெரியது நிற்கவில்லை என்றால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறதா என்று பார்ப்பார்.

ஒல்லி லீவர் விழும் வீட்டில், எத்தனை நேரத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி. "ஏத்தின உடனே டப்புனு விழுது" என்றால் அவர் ஷார்ட்டைத் தேடுவார். "இண்டக்‌ஷனும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து ஓடினா கொஞ்ச நேரத்தில விழுது" என்றால் ஓவர்லோட். "ஃபேன் ஓடும்போது லைட் மினுக்குது, ஸ்விட்ச் சுடுது" என்றால் லூஸ் கான்டாக்ட்.

இரண்டு விஷயத்தில் மட்டும் செய்தி அனுப்புவது இரண்டாவது வேலை. குழாயோ வாஷிங் மெஷினோ கரண்ட் அடித்தால் மறுபடி தொட்டுச் சோதிக்காமல் மெயினை இறக்குங்கள். த்ரீ ஃபேஸ் வீட்டில் ஒரு அறையில் பல்பு கண்ணைக் கூசும்படி எரிந்து இன்னொரு அறையில் மங்கினாலும் அப்படியே. அது பெரும்பாலும் நியூட்ரல் கட். ஃப்ரிட்ஜும் டிவியும் நிமிடங்களில் கருகிவிடும். விழுகிற லீவரைக் கயிறு கட்டி நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது!

பிளம்பரிடம் நமக்குத் தமிழே கைகொடுக்கிறது. "பைப் லீக்" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "மூடின பிறகும் வாயில சொட்டுது" என்றால் வாஷரோ ஸ்பிண்டிலோ. "திறந்தா கைப்பிடி அடியில கசியுது" என்றால் கிளாண்டு. சுவரில் ஓதம் ஏறினால், அது எப்போது ஏறுகிறது என்று எழுதுங்கள். "குளிச்ச பிறகுதான் நனையுது, ஊருக்குப் போயிட்டு வந்தா காஞ்சிருக்கு" என்றால் அவர் வேஸ்ட் லைனையும் தரையையும் பார்ப்பார். "எல்லாக் குழாயும் மூடியிருக்கு, ராத்திரியில டேங்க் தண்ணி நாலு விரல் இறங்குது, சுவர் காயறதே இல்லை" என்றால் சுவருக்குள் போகும் சப்ளை லைன். முதலாவதற்குக் டைல்ஸ் இடுக்கை அடைப்பதோடு வேலை முடியலாம். இரண்டாவதற்குச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும், அதற்கு அவர் கொத்தனாரையும் கூட்டி வர வேண்டும்.