150 ஆம்பியர் ஹவர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? லேபிளில் உள்ள C10, C20-க்கு என்ன அர்த்தம்?

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மாவட்டத்தின் பல ஊர்களில் கரண்ட் போனது. செஞ்சி, வல்லம் பக்கம் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இதுபோன்ற நேரத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?" அதற்கான விடை பேட்டரி லேபிளிலேயே இருக்கிறது.

சி-ரேட் என்றால் என்ன?

பேட்டரியின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேகத்தில் மின்சாரம் உள்ளே போகிறது அல்லது வெளியே வருகிறது என்பதைச் சொல்வதுதான் சி-ரேட். 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருந்து 150 ஆம்பியர் எடுத்தால் அது 1C. கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் காலி. 75 ஆம்பியர் எடுத்தால் 0.5C, இரண்டு மணி நேரம். 15 ஆம்பியர் என்றால் 0.1C, பத்து மணி நேரம்.

இதற்கு இரண்டே சூத்திரங்கள்தான்:

```
மின்னோட்டம் (A) = C-rate × கொள்ளளவு (Ah)
நேரம் (மணி) = 1 ÷ C-rate
```

C10-ம் 10C-யும் ஒன்றா?

இல்லை, இங்குதான் பலரும் குழம்புகிறார்கள். எண் முன்னால் வந்தால் அது பெருக்கல். ட்ரோன் பேட்டரியில் 10C என்று இருந்தால், கொள்ளளவைப் போல பத்து மடங்கு மின்னோட்டம் தரும் என்று பொருள். அந்த வேகத்தில் எடுத்தால் 6 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

எண் பின்னால் வந்தால் அது மணி நேரம். இன்வெர்ட்டர் பேட்டரியில் "150Ah C20" என்று இருந்தால், 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால்தான் முழு 150-ம் கிடைக்கும். அதாவது 7.5 ஆம்பியர் வீதம். "150Ah C10" என்றால் 15 ஆம்பியர் வீதம் எடுத்தாலும் 150 கிடைக்கும். இரண்டிலும் 150 என்றே போட்டிருந்தாலும் C10 பேட்டரிதான் உண்மையில் பெரியது. விலை குறைவாக இருக்கிறதே என்று எடுப்பதற்கு முன் இந்த எழுத்தைப் பாருங்கள்.

வீட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

75 வாட் ஃபேன் இரண்டு, 10 வாட் எல்இடி பல்பு நான்கு, 10 வாட் வைஃபை ரவுட்டர் ஒன்று. மொத்தம் 200 வாட். இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகும். 80 சதவீதம்தான் பயன்படுகிறது என்று வைத்துக்கொண்டால், பேட்டரி 250 வாட் தர வேண்டும். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 21 ஆம்பியர்.

21-ஐ 150-ஆல் வகுத்தால் 0.14C. 1-ஐ அதனால் வகுத்தால் சுமார் 7 மணி நேரம். ஆனால் C20 பேட்டரியில் இது அப்படியே கிடைக்காது. லேபிளில் சொன்ன 7.5 ஆம்பியரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் எடுக்கிறோம். ஈய-அமில பேட்டரியில் வேகம் கூடக் கூட, உள்ளே இருக்கும் அமிலம் தட்டுகளுக்குள் ஊறி வர நேரம் போதாமல் வோல்டேஜ் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் 120 ஆம்பியர் ஹவர் அளவுக்குத்தான் கைக்கு வரும். புது பேட்டரியே ஐந்தரை முதல் ஆறு மணி நேரம்தான் ஓடும். பழையது இன்னும் குறையும்.

நடுவில் 2 மணி நேரம் கரண்ட் வந்தால்?

இந்த வகை பேட்டரிக்கு 0.1C சார்ஜிங் பொருத்தமானது. 150-க்கு அது 15 ஆம்பியர். இரண்டு மணி நேரத்தில் 30 ஆம்பியர் ஹவர் உள்ளே போகும். அதில் வீணாவது போக சுமார் 25 மிஞ்சும். அதே ஃபேன், பல்புகளை ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தாங்கும், அவ்வளவுதான். எல்லாம் போட்டுவிடாமல் ஒரு ஃபேன், இரண்டு பல்போடு நிறுத்தினால் இதே சார்ஜ் இருமடங்கு நேரம் வரும்.

முழுதாகக் காலியான பேட்டரி நிரம்ப கணக்குப்படி 10 மணி நேரம். கடைசிக் கட்டத்தில் பேட்டரி மெதுவாகத்தான் ஏற்கும் என்பதால் நடைமுறையில் 12 முதல் 14 மணி நேரம் ஆகும்.

சீக்கிரம் ஏறட்டும் என்று சார்ஜிங் மின்னோட்டத்தைக் கூட்டி வைப்பதும் ஆபத்து. பேட்டரி சூடாகும், தண்ணீர் சீக்கிரம் வற்றும். டிஸ்டில்டு வாட்டரை அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தாலோ, சார்ஜ் ஏறும்போது பக்கவாட்டில் தொட்டால் சுட்டாலோ, சார்ஜிங் அளவைக் குறைக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.