பிளேடு கூடக் கூட கழுத்தில் பரு

தாடைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கத்தில் மட்டும் சிறு சிறு பருக்கள். கன்னம் சுத்தமாக இருக்கும். சவரம் செய்த இரண்டாம் மூன்றாம் நாளில் அவை தலைகாட்டும். உற்றுப் பார்த்தால் சிலவற்றின் நடுவே வளையம்போல ஒரு முடி சுருண்டு கிடக்கும். பலர் இதை முகப்பரு என்றோ சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது தோலுக்குள் திரும்பி வளரும் முடி. சவரம் முடிந்ததுமே எரிச்சலும் சிவப்பும் வந்து, ஓரிரு நாளில் தானாக அடங்கினால் அது வேறு. அது வெறும் ரேசர் எரிச்சல்.

சுருட்டை முடி உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம். நேராக வளரும் முடி வெட்டிய பிறகும் நேராக வெளியே வந்துவிடும். சுருண்ட முடி வெளியே வந்து, வளைந்து, வெட்டுப்பட்ட கூர்முனையால் பக்கத்துத் தோலையே குத்தி உள்ளே போகும். தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்டால் வெளியே வராமலேயே உள்ளுக்குள் துளைக்கும். உடல் அதை முள் ஏறியதுபோல எதிர்க்கிறது. அதனால்தான் வீக்கம், அரிப்பு, சில நேரம் சீழ். மாநிறத் தோலில் பரு அடங்கிய பின்னும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

முடியைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுவது எது? பல பிளேடு ரேசர். 1971இல் ஜில்லெட் நிறுவனம் ட்ராக் டூ என்ற இரட்டை பிளேடு ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு மூன்று, ஐந்து என்று பிளேடுகள் கூடின. முதல் பிளேடு முடியைப் பிடித்துச் சற்று மேலே இழுக்கிறது. அது பின்வாங்குவதற்குள் அடுத்த பிளேடு வெட்டுகிறது. மிச்சமுள்ள முடி தோலுக்குள் போய்விடுகிறது. கைக்கு வழுவழுப்பாகத் தெரிவது இதனால்தான். சுருட்டை முடிக்காரருக்குத் தொல்லை தொடங்குவதும் இங்கேதான்.

தினமும் மழித்துக்கொண்டு வேலைக்குப் போகவேண்டிய ஒரு காவலாளியை எடுத்துக்கொள்வோம். சுருட்டை முடி; மூன்று பிளேடு ரேசர்; கழுத்துத் தோலை இழுத்துப் பிடித்துக் கீழிருந்து மேலாக மழிக்கும் பழக்கம். கழுத்து முழுக்கப் பரு. அவர் முதலில் செய்ய வேண்டியது ஒரு மாதம் ரேசரைத் தொடாமல் இருப்பது. மேலதிகாரி தாடிக்கு ஒப்பவில்லை என்றால், டிரிம்மரால் சில மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளலாம். முடி நீள நீள, உள்ளே மாட்டிய முனைகள் பெரும்பாலும் தாமாகவே விடுபடும். வெதுவெதுப்பான ஈரத்துணியை ஐந்து நிமிடம் ஒற்றி எடுத்தால் தோல் இளகும். வெளியே வளையமாகத் தெரியும் முடியை மட்டும் சுத்தமான ஊசியால் மெல்ல நிமிர்த்தி விடலாம். பிடுங்கக் கூடாது, பிடுங்கிய முடி மறுபடி முளைக்கும்போது தோலுக்குள்ளேயே திரும்பும்.

பருக்கள் அடங்கியபின் அவருக்கு ஏற்றது டிரிம்மர்தான். ஒரு மில்லிமீட்டர் அளவு முடி நின்றால் பார்ப்பவர்களுக்கு மழித்த முகமாகவே தெரியும்; முனை தோலுக்குள் போகவும் வழியில்லை. வழுவழுப்பாக இருந்தே ஆகவேண்டும் என்றால், ஒற்றை பிளேடு மாட்டும் பழைய மாதிரி ரேசர். முகத்தை வெந்நீரால் இரண்டு மூன்று நிமிடம் நனைத்து, நுரை பூசி, தோலை இழுக்காமல், அழுத்தாமல், முடி வளரும் திசையிலேயே ஒரே ஒரு முறை. கழுத்தில் இந்தத் திசை குழப்பும். இரண்டு நாள் முளைத்த முடியை விரலால் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் சொரசொரப்பு குறைவோ, அதுதான் திசை. சிலருக்குக் கழுத்தின் அடியில் முடி மேல்நோக்கி வளரும். ஐந்தாறு சவரத்துக்கு ஒருமுறை பிளேடை மாற்றுங்கள். சில ரூபாய் பிளேடில் சிக்கனம் வேண்டாம்.

சலூன் கத்தியில் மாட்டுவதும் ஒற்றை பிளேடுதான், அதில் குறையில்லை. இரண்டாம் முறை எதிர்த்திசையில் இழுப்பதுதான் கெடுதல். “அண்ணே, ஒரு தடவை போதும், எதிர்த்து இழுக்காதீங்க” என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். புது பிளேடு மாட்டுவதையும் கண்ணால் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சீழ் நிற்கவில்லை, தழும்பு தடித்து மேடாகிறது என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். முடியையே குறைக்கும் லேசர் சிகிச்சை உண்டு. கருத்த தோலுக்கு அதில் என்டி-யாக் வகை பாதுகாப்பானது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் உங்கள் விருப்பத்துக்குப் பூசாதீர்கள். சிவப்பு உடனே குறையும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, பரு முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும்.